ஒரு கிளை போட்டோவ வச்சு மாங்காய் எண்ணி ஏமாந்த கதை - உங்க அனுபவமும் சொல்லுங்க

குடமுருட்டிக்கரை:
திருவையாறு பக்கம் எங்க கொல்லைல ஒரு நீலம் மரம் நிக்குது, அப்பா வச்சது. இந்த வருசம் ஏப்ரல் கடைசில யாவாரி ஒருத்தர் வந்து மரத்த ரெண்டு சுத்து சுத்திட்டு "முன்னூறு முன்னூத்தம்பது காய் தேறும் தம்பி, ஆயிரத்து ஐநூறு தர்றேன்"னாரு. எனக்கு மனசு ஒப்பல. மரத்துல ஏற முடியாது, மொத்தமா எண்ணவும் முடியாது, சரி ஒரு கிளைய எண்ணி பெருக்குனா போச்சுன்னு பம்புசெட் மேல ஏறி நின்னு ஒரு கிளைய போட்டோ எடுத்தேன். ராத்திரி போன்ல பெருசாக்கி ஒவ்வொரு காய் மேலயும் செவப்பு புள்ளி வச்சு எண்ணுனா 112. பெரிய கிளை மொத்தம் அஞ்சு. அஞ்சால பெருக்கு, 560! மறுநாள் யாவாரிகிட்ட நெஞ்ச நிமித்திகிட்டு மூவாயிரத்துக்கு கொறஞ்சு தரமாட்டேன்னு சொல்ல, அவரு சிரிச்சுட்டே வண்டிய எடுத்துட்டு போய்ட்டாரு. இப்ப மே மொத வாரம், காய் மரத்துலதான் இருக்கு. யாரு கணக்கு தப்பு? இப்படி எண்ணி பாத்தவங்க யாராச்சும் இருக்கீங்களா?

மன்னார்குடி மாப்ள:
தல நானும் போன வருசம் பண்ணேன். ஒங்க தப்பு என்னன்னா ஒரு பக்கத்துலேர்ந்து மட்டும் எடுத்தது. இலைக்கு பின்னாடி இருக்கறது போட்டோல விழாது, நீலம் வேற கொத்தா காய்க்கும், முன்னாடி காய் பின்னாடி காய மறச்சிரும். அதனால அந்தப் பக்கம் போயி இன்னொரு போட்டோ எடுத்து ரெண்டயும் கூட்டிருங்க. அப்படி பாத்தா ஒங்களுக்கு ஆயிரத்தயே தொடும், யாவாரி ஒங்கள நல்லா ஏமாத்த பாத்துருக்கான்

கணக்கு டீச்சர், கும்பகோணம்:
மாப்ள, பாதி சரி தம்பி. மறைவு இருக்குங்கறது உண்மை. ஆனா ரெண்டு பக்கமும் எடுத்து கூட்டுனா ஓரத்துல தொங்குற காய் ரெண்டு போட்டோலயும் வரும், அத ரெண்டு தடவ எண்ணிருவீங்க.

குடமுருட்டி தம்பி, நான் ரிட்டயர் ஆன கணக்கு டீச்சர், எங்க வீட்டு மரத்துல இந்த வெளயாட்ட மூணு வருசமா ஆடிட்டிருக்கேன், அதனால ஒரு கேள்வி. அந்த கிளைய ஏன் எடுத்தீங்க? உண்மைய சொல்லுங்க.

குடமுருட்டிக்கரை:
அதுதான் டீச்சர் நல்லா தெரிஞ்சுது. தெக்கால தாழ்வா வந்துருக்கு, காயும் நல்லா தொங்குச்சு…

கணக்கு டீச்சர், கும்பகோணம்:
அங்கதான் போச்சு. கண்ணு எப்பவும் காய் நெறஞ்ச கிளைக்குத்தான் போகும். அத எடுத்து அஞ்சால பெருக்குனா மத்த நாலும் அதே மாதிரி காய்ச்சிருக்குன்னு அர்த்தம். ஆக ஒங்ககிட்ட ரெண்டு தப்பு, ஒண்ணு கணக்க கொறைக்குது, அதான் இலை மறைவு. இன்னொண்ணு ஏத்துது, அதான் கிளை தேர்வு. எது எவ்வளவுன்னு பிரிச்சு பாக்காம 560 சரியா தப்பான்னு சொல்லவே முடியாது.

இப்ப டெய்லர் டேப் எடுத்துட்டு போங்க. அஞ்சு கிளையோட சுத்தளவயும் எடுங்க. கவட்டுல புடைச்சு இருக்குற எடத்துல வேணாம், ஒரு ஜாண் தள்ளி. அப்பறம் ஒரு பையன ஏத்தி விட்டு அந்த போட்டோ கிளைய மட்டும் கையால எண்ண சொல்லுங்க, எண்ணுன கொத்துல கலர் நூல் கட்டிகிட்டே போனா ரெண்டு தடவ வராது.

பட்டுக்கோட்டை தோப்பு:
நடுவுல பூந்ததுக்கு மன்னிக்கணும், எங்க தோட்டத்துல கஜாவுக்கு அப்பறம் மிஞ்சுன மரம் ரெண்டுதான். 2018 நவம்பர்ல ஒண்ணு பாதியா முறிஞ்சு இப்ப புதுசா தழைச்சு நிக்குது, ஆனா பூவே எடுக்கல. இதுக்கு என்ன மருந்து அடிக்கலாம்?

கணக்கு டீச்சர், கும்பகோணம்:
மருந்து எனக்கு தெரியாது சார், தோட்டக்கலை ஆபீஸ்ல கேளுங்க. ஆனா ஒங்க மரம் இந்த கணக்குக்கு ஒரு பாடம்: முறிஞ்சு தழைச்ச கிளை தடியா இருக்கும், காய் இருக்காது. சுத்தளவு அங்க பொய் சொல்லும்.

குடமுருட்டிக்கரை:
டீச்சர் எடுத்தாச்சு. இன்ச்ல 30, 24, 20, 16, 12. போட்டோ கிளைதான் அந்த 30. பையன் எண்ணுனா 160 காய்! போட்டோல 112தான் தெரிஞ்சுது, 48 காய் இலைக்குள்ள ஒளிஞ்சிருந்துருக்கு. அப்ப அஞ்சால பெருக்குனா 800ல்ல வருது?

கணக்கு டீச்சர், கும்பகோணம்:
அய்யோ அஞ்ச விடுங்க தம்பி. 12 இன்ச் கிளையும் 30 இன்ச் கிளையும் ஒண்ணாகுமா? கிளை எவ்வளவு இலைக்கும் காய்க்கும் தண்ணி ஏத்துதுங்கறது அதோட குறுக்குவெட்டு பரப்ப பொறுத்தது, அது சுத்தளவோட வர்க்கத்துல போகும். அஞ்சயும் வர்க்கம் பண்ணி கூட்டுங்க: 900, 576, 400, 256, 144, மொத்தம் 2276. ஒங்க கிளை அதுல 900. அதாவது மரம் முழுசும் அந்த கிளை மாதிரி ரெண்டரை கிளைதான், அஞ்சு இல்ல. 160 × 2276 / 900, கிட்டத்தட்ட 405.

இதுவும் நீங்க கண்ணால பொறுக்குன கிளை. அதனால சீட்டு எழுதி குலுக்குங்க, பெரிய கிளைக்கு 9 சீட்டு, அடுத்ததுக்கு 6, அப்பறம் 4, 3, 1. 1955லயே ஜெஸ்ஸன்னு ஒரு அமெரிக்க புள்ளியியல்காரர் பழ மரத்துல காய் எண்ண இப்படி கிளைய குலுக்கி எடுக்கற முறைய எழுதிருக்காரு. அவரு கவட்டுக்கு கவட்டு குலுக்கிட்டே சின்ன கிளை வரைக்கும் போவாரு, நமக்கு ஒரு கவட்டு போதும்.

மன்னார்குடி மாப்ள:
டீச்சர் ஒரு மாமரத்துக்கு லாட்டரியா 😄

குடமுருட்டிக்கரை:
குலுக்கிட்டேன். மொத சீட்டு அந்த 16 இன்ச் கிளை, வடக்கால மாட்டுக்கொட்டாய் நெழல்ல கெடக்கறது. எண்ணுனா வெறும் 19. அதுலேர்ந்து மரத்துக்கு கணக்கு போட்டா 169 வருது. பயந்து இன்னொரு சீட்டு எடுத்தேன், 24 இன்ச் கிளை, 98 காய், மரத்துக்கு 387. எத நம்பறது?

கணக்கு டீச்சர், கும்பகோணம்:
எதயும் தனியா நம்பாதீங்க, அதான் விசயமே. ஒரே மரத்துல ஒரு கிளை 169ங்குது, இன்னொண்ணு 405ங்குது. மூணோட சராசரி 320. மொதல்ல எடுத்தது சீட்டுல வந்ததில்ல, அதனால இதயும் சுத்தமான கணக்குன்னு சொல்ல மாட்டேன். நெழல்ல இருக்கற கிளைய தனியா பிரிச்சு வச்சு குலுக்குனா இன்னும் நல்லா வருமோன்னு எனக்கும் ஒரு யோசனை, செஞ்சு பாத்ததில்ல.

யாவாரி மவன், பாபநாசம்:
எல்லாத்தயும் படிச்சுட்டு சிரிச்சுட்டிருந்தேன். எங்கப்பா மரம் வாங்கறவருதான். அவரு வெளில நின்னு பாக்கவே மாட்டாரு. காலைல வெயில் ஏறுறதுக்குள்ள மரத்தடில, தண்டு ஓரமா நின்னு மேல அண்ணாந்து பாப்பாரு, உள்ளேர்ந்து பாத்தா வானத்துல காய் கருப்பா தெரியும், இலை மறைவு கொறையும். அப்பறம் நெழல் பக்கத்த கட்டாயம் போயி பாப்பாரு, வித்தவங்க அந்தப் பக்கம் பாக்கவே மாட்டாங்கன்னு சொல்லுவாரு 😁 வந்த எண்ணிக்கைலேர்ந்து காத்துல விழறது, அணில் கடி, பறிக்கறப்ப அடிபடறதுன்னு கழிச்சுட்டுதான் வெல சொல்லுவாரு. அதனால யாவாரி சொல்ற 350 மரத்துல தொங்குற 350 இல்ல அண்ணே, கைக்கு வர்ற 350.

குடமுருட்டிக்கரை:
ஜூன் கடைசில தொரட்டி போட்டு நாங்களே பறிச்சோம், வந்து எழுதறேன்னு சொல்லிருந்தேன்ல. சாக்குல போட்டது 338. நடுவுல ஒரு நாள் மழைக்காத்துல நெறய விழுந்துச்சு, அம்மா பொறுக்கி ஊறுகாய் போட்டுட்டாங்க, எத்தனைன்னு கேட்டா "ரெண்டு அன்னக்கூடை"ங்கறாங்க. அதயும் சேத்தா டீச்சரோட 320 கொஞ்சம் கம்மிதான். ஆனா என்னோட 560 எங்கயோ நிக்குது.

மன்னார்குடி மாப்ள:
அன்னக்கூடைக்கு எத்தன காய் தல?

குடமுருட்டிக்கரை:
அது எந்த அன்னக்கூடைன்னே இப்ப வீட்ல தகராறு நடக்குது