வட்டி வரவால் மறையும் செயலற்ற கணக்குகள்: உதவி தேவை

வணக்கம். சிங்கப்பூர் அலுவலகத்திலிருந்து எங்கள் வங்கியின் சென்னைக் கிளையைத் தணிக்கை செய்கிறேன். ஒரு சேமிப்புக் கணக்கில் வாடிக்கையாளர் கடைசியாகப் பணம் எடுத்தது 2013 மார்ச்சில். அதன்பின் வங்கி போட்ட வட்டி மட்டுமே. ஆனால் ஒவ்வொரு வட்டி வரவும் கணினியில் ‘கடைசிப் பரிவர்த்தனை’ தேதியைப் புதுப்பித்துவிட்டதால், இரண்டு ஆண்டுகளில் செயலற்றதாக மாற வேண்டிய கணக்கு இன்னும் உயிரோடு இருக்கிறது. பத்து ஆண்டு முடிந்ததும், 2023 ஏப்ரல் கடைசி வேலைநாளில் ரிசர்வ் வங்கியின் வைப்பாளர் நிதிக்குப் போயிருக்க வேண்டிய தொகை இது. வேறு ஏதாவது கணக்கும் இப்படி மறைந்திருக்கும் என்றே நினைக்கிறேன்.

வட்டி, கட்டணக் குறியீடுகளைக் கழித்து வாடிக்கையாளரின் உண்மையான கடைசித் தேதியை எடுத்தவர்கள் இருக்கிறீர்களா? பழைய மென்பொருளிலிருந்து மாற்றிய தரவில் குறியீடே இல்லாவிட்டால் என்ன செய்தீர்கள்? அப்புறம், மீண்டும் செயல்படுத்திய கணக்குகளைக் கிளை ஊழியருக்குத் தெரியாமல் ஆறு மாதம் கண்காணித்ததற்கு என்ன சான்று கேட்பீர்கள்?