ஜெர்மனிக்கு ரெஸ்யூமே அனுப்பியவர்கள்: போட்டோ, வயசு, பக்கக் கணக்கு எப்படி?

வரைபடக்காரன்
மெக்கானிக்கல் டிசைன்ல இருக்கேன். ஜெர்மனியில பம்ப் தயாரிக்கிற ஒரு நடுத்தர கம்பெனிக்கு அப்ளை பண்ணப் போறேன். கையில ரெண்டு ரெஸ்யூமே இருக்கு. ஒண்ணு அமெரிக்காவுக்குன்னு செஞ்சது: ஒரே பக்கம், போட்டோவும் இல்ல, பிறந்த தேதியும் இல்ல. இன்னொண்ணு பழசு: நாலு பக்கம், அப்பா பேர், திருமண நிலை, கடைசியில "மேற்கண்ட விவரங்கள் யாவும் உண்மை"ங்கிற உறுதிமொழி. ரெண்டுமே அங்க எடுபடாதுன்னு நண்பர் ஒருத்தர் சொல்றார். அனுப்பிப் பார்த்தவங்க என்ன நடந்ததுன்னு சொல்லுங்க.

சுக்குக்காப்பி
போட்டோ வைக்கவே வைக்காதீங்க. ஐரோப்பாவுல அது சட்டவிரோதம். போட்டோவோட வந்தா பிரிச்சுக்கூடப் பார்க்காம ஒதுக்கிடுவாங்க. என் அண்ணனுக்கு அப்படித்தான் ஆச்சு.

கோப்புக்காரி
அண்ணன் அப்ளை பண்ணது அமெரிக்க கம்பெனிக்கா இருக்கும், கேட்டுப் பாருங்க. அங்கயும் நாம போட்டோ வைக்கிறது குற்றம் இல்ல. பின்னாடி பாகுபாடுன்னு வழக்கு வந்துடுமோன்னு கம்பெனிங்க பயந்து ஒதுக்குறாங்க, அவ்வளவுதான். ஜெர்மனியில 2006-ல பாகுபாட்டுக்கு எதிரான சட்டம் வந்தது. அதுக்கப்புறம் போட்டோ கட்டாயம்னு கம்பெனி கேட்கிறது அவங்களுக்கே சிக்கல். ஆனா விண்ணப்பிக்கிறவர் தானா வெச்சா யாரும் தடுக்கிறதில்ல, இன்னமும் நிறைய பேர் வைக்கிறாங்க.

நான் அங்க ஒரு தொழிற்சாலையில ஆள் எடுக்கிற பிரிவுல இருந்தேன். போட்டோ இல்லாத விண்ணப்பத்தை யாரும் குறை சொன்னதில்ல. மோசமான போட்டோவைப் பத்திதான் பேசினாங்க: கல்யாண வீட்டுப் படத்துல இருந்து வெட்டினது, பக்கத்து ஆளோட தோள் பாதி தெரியுறது. வைக்கிறதுன்னா ஸ்டுடியோவுல எடுத்தது, இல்லன்னா விட்டுடுங்க.

அவங்க முதல்ல பார்க்கிறது வேலை பார்த்த காலம்தான். நம்மாளுங்க "2019–2021"னு எழுதுவாங்க. 2019 டிசம்பர்ல சேர்ந்து 2021 ஜனவரியில விட்டிருந்தா அது 14 மாசம். 2019 ஜனவரி தொடங்கி 2021 டிசம்பர் வரைன்னா 36 மாசம். ரெண்டும் எழுத்துல ஒண்ணுதான். அதனால "12/2019 – 01/2021"னு மாசத்தோட போடணும். நடுவுல சில மாசம் வேலை இல்லன்னா, மொழி படிச்சேன், அப்பாவைப் பார்த்துக்கிட்டேன்னு ஒரு வரியில சொல்லிடுங்க. காலியா விட்டா இன்டர்வியூவுல முதல் கேள்வியே அதுவா இருக்கும்.

வரைபடக்காரன்
ரொம்ப நன்றிங்க. அமெரிக்க ரெஸ்யூமேல இருக்கிற ஒரு வரி: "பம்ப் வடிவமைப்பில் புரட்சிகரமான மாற்றத்தை முன்னின்று நடத்தி, செலவைப் பெருமளவு குறைத்தேன்." இதை அப்படியே விடலாமா?

கோப்புக்காரி
புரட்சியை எடுத்துடுங்க. நிஜமா என்ன செஞ்சீங்க?

வரைபடக்காரன்
பம்ப் ஹவுசிங்கை காட்டியாங்கிற வரைபட சாஃப்ட்வேர்ல திரும்ப வரைஞ்சேன். நாங்க மூணு பேர். 14 உதிரிபாகம் 9 ஆச்சு. அசெம்பிளி நேரமும் குறைஞ்சது, ஆனா எவ்வளவுன்னு நான் அளக்கல.

கோப்புக்காரி
அதேதான் வரி: "பம்ப் ஹவுசிங் மறுவடிவமைப்பு, காட்டியா, மூவர் குழு, பாகங்கள் 14-லிருந்து 9". அளக்காததை எழுதாதீங்க. படிக்கிறவரும் இன்ஜினியரா இருப்பார், 9 எப்படி வந்ததுன்னு கேட்பார், அங்கிருந்தே பேச்சு சூடு பிடிக்கும். இப்படி எழுதினா ஒரு பக்கத்துல அடங்காது, ரெண்டு பக்கம் ஆகட்டும். நாலு பக்க ரெஸ்யூமேல இருந்து அப்பா பேரையும் உறுதிமொழியையும் தயங்காம வெட்டுங்க.

மூங்கில்காடு
போட்டோ சைஸ் கேட்டீங்கல்ல, அகலம் 3 செ.மீ., உயரம் 4 செ.மீ. நான் ஜப்பானுக்கு அனுப்பினப்ப அதான். அங்க ரிரேகிஷோன்னு கட்டம் போட்ட படிவம் இருக்கு, அதுல போட்டோவுக்குத் தனிக் கட்டமே உண்டு. வேலை அனுபவத்தை விரிவா எழுத வேற தாள். அழகா டிசைன் பண்ணின ரெஸ்யூமேவை அனுப்பினேன், ஏஜென்ட் அதை ஓரமா வெச்சுட்டு படிவத்தை நிரப்பச் சொன்னார். 2021-ல அரசு வெளியிட்ட மாதிரிப் படிவத்துல ஆணா பெண்ணாங்கிற இடத்தைக்கூட நிரப்பாம விடலாம்னு ஆக்கிட்டாங்க. போட்டோ கட்டம் மட்டும் போகல.

சுக்குக்காப்பி
அவர் சைஸே கேட்கலயே! ஜெர்மனிங்க, ஜெர்மனி. (அண்ணன்கிட்ட கேட்டுட்டேன். அமெரிக்க கம்பெனிதானாம்.)

எண்கணக்கு
மார்க் விஷயத்தை யாரும் தொடலயே. நான் 8.1னு மட்டும் போட்டு அனுப்பினேன். இன்டர்வியூ எடுத்தவர் "இது எதுல 8.1?"னு கேட்டார். அங்க 1.0 தான் உச்சம், 4.0 வந்தா பாஸ். எண் கூடக்கூட மதிப்பு குறையும். மாத்துறதுக்கு ஒரு சூத்திரம் இருக்கு, பவேரியன் சூத்திரம்னு சொல்வாங்க. உச்ச மதிப்பெண்ல இருந்து நம்ம மதிப்பெண்ணைக் கழிக்கணும். அதை, உச்சத்துக்கும் பாஸுக்கும் உள்ள வித்தியாசத்தால வகுத்து, 3-ஆல பெருக்கி, 1 கூட்டணும். பாஸ் 5ன்னா எனக்கு 2.14 வருது. பாஸ் 4ன்னா 1.95. எதைப் போடுறதுன்னு இன்னும் குழப்பம்தான்.

கோப்புக்காரி
பாஸ் மார்க் உங்க பல்கலைக்கழக விதியில இருக்கும், அதைப் பாருங்க. வேலை விண்ணப்பத்துக்கு நானா இருந்தா மாத்தவே மாட்டேன். "8.1, உச்சம் 10, தேர்ச்சி 5"னு அளவுகோலோட எழுதுவேன். நீங்களே மாத்தின எண்ணும் சான்றிதழ்ல இருக்கிற எண்ணும் வேறயா இருந்தா, எது சரின்னு ஒருத்தர் உட்கார்ந்து தேடணும்.

இன்னொண்ணு, பழைய கம்பெனிகளோட சான்றுகளையும் சேர்த்து ஒரே பிடிஎஃபா அனுப்புங்க. என்ன வேலை செஞ்சார், எப்படிச் செஞ்சார்னு விரிவா எழுதின சான்று தர்றது அங்க வழக்கம். நம்ம ரிலீவிங் லெட்டர்ல சேர்ந்த தேதியும் விலகின தேதியும் மட்டும்தான் இருக்கும். பழைய மேனேஜர்கிட்ட வேலை விவரத்தோட ஒரு கடிதம் கேட்டு வாங்க முடிஞ்சா நல்லது.

பழுத்த இலை
எனக்கு ஐம்பது தாண்டிடுச்சு. பிறந்த தேதியை எடுத்துட்டுத்தான் அனுப்பினேன். பட்டம் வாங்கின வருஷத்தை வெச்சு வயசைக் கணக்குப் போட்டுட்டாங்க, பேச்சுலயே தெரிஞ்சது. அமெரிக்காவுல இருக்கிற என் மச்சினர், பட்டத்தோட வருஷத்தையும் எடுத்துடு, கடைசி பதினைஞ்சு வருஷ வேலையை மட்டும் காட்டுன்னார். அங்க 40 வயசுக்கு மேல பாதுகாப்புச் சட்டமும் இருக்கு, இப்படி வெட்டுறதும் சகஜம். ஜெர்மனிக்கு அதே மாதிரி வெட்டி அனுப்பினா, "அதுக்கு முன்னாடி எங்க இருந்தீங்க?"ன்னு மெயில் வருது.

கோப்புக்காரி
ஐயா, பழைய வேலைகளை விவரிக்காம, கம்பெனி, பதவி, மாசம்–வருஷம்னு வேலைக்கொரு வரியா கடைசியில போட்டுப் பாருங்க. இடைவெளி தெரியாது, இடமும் அடைக்காது. வயசைப் பார்த்து ஒதுக்குறவர் எப்படியும் ஒதுக்கிடுவார், அதுக்கு ரெஸ்யூமேல மருந்து இல்ல.

பழுத்த இலை
முதல் வேலை 1994-ம்மா. அதைப் பார்த்தாலே வயசு தெரிஞ்சிடுமே? போடாம விட்டா மெயில் வருது, போட்டா மெயிலே வர்றதில்ல.

வரைபடக்காரன்
போட்டோ இல்லாம, ரெண்டு பக்கத்துல, மாசத்தோட எழுதி முடிச்சுட்டேன். பிறந்த தேதியை எடுக்காம விட்டு வெச்சிருக்கேன். கடைசியில ஊர், தேதி போட்டு கையெழுத்தும் போடணும்னு ஒரு இடத்துல படிச்சேன், ஆன்லைன்ல ஏத்துறதுக்கு வேணுமா?

எண்கணக்கு
நான் போட்டேன், கூப்பிட்டாங்க. என் ரூம்மேட் போடல, அவனையும் கூப்பிட்டாங்க.