பொருள்: 'பிறந்தநாள் முரண்பாடு' என்பதற்கு வேறு சொல் வேண்டும்

ஏற்காடு, கணித ஆசிரியை

குழுவினருக்கு வணக்கம். நிகழ்தகவுப் பாடம் முடிந்ததும் பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு ஒரு கணக்குப் போடப் போகிறேன். 40 பேர் உள்ள வகுப்பில் யாராவது இரண்டு பேருக்கு ஒரே பிறந்தநாளாக இருக்க வாய்ப்பு எவ்வளவு? ஆண்டு வேண்டாம், தேதியும் மாதமும் ஒத்தால் போதும். விடை சுமார் 89 சதவீதம். 23 பேர் இருந்தாலே பாதியைத் தாண்டி 50.7 ஆகிவிடுகிறது.

இதைப் 'பிறந்தநாள் முரண்பாடு' என்று பலர் எழுதுகிறார்கள். எனக்கு அது ஒத்துவரவில்லை. இந்தக் கணக்கில் எதுவும் எதனோடும் முரண்படவில்லை. நம் ஊகம் குறைவாகப் போகிறது, அவ்வளவுதான். சொல்லை நம்பிப் பிள்ளைகள் இல்லாத முரணைத் தேடுவார்கள். 'பிறந்தநாள் பொருத்தம்' என்று எழுதிப் பார்த்தேன். உடனே ஜாதகம் நினைவுக்கு வருகிறது. 'புதிர்' என்றால் விடை தெரிந்ததும் வேலை முடிந்தது என்றாகிவிடும்.

வாய்ப்பு ஏன் இவ்வளவு அதிகம் என்பதற்குச் சொல்லே பாதி வழி காட்ட வேண்டும். அப்படி ஒன்று சொல்லுங்கள்.

வாழப்பாடி, ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்

அம்மா, சொல்லுக்கு முன்னால் கணக்கே எனக்குச் சரியாகப் படவில்லை. எத்தனையோ வகுப்புகளுக்குப் பாடம் நடத்தியிருக்கிறேன். என் பிறந்தநாளில் பிறந்த பிள்ளையைப் பார்த்ததாக நினைவில்லை. வகுப்பில் 40 பேர், ஆண்டுக்கு 365 நாள். வகுத்தால் 11 சதவீதம் வருகிறது. 89 எங்கிருந்து வந்தது? அபூர்வமாக நடப்பது என்பதால் 'அரிய ஒற்றுமை' என்று பெயர் வைக்கலாம் என்பது என் கருத்து.

செவ்வாய்ப்பேட்டை, மென்பொருள் எழுதுபவர்

ஐயா, நீங்கள் உங்களோடு ஒத்துப்போகிற ஒருவரைத் தேடுகிறீர்கள். டீச்சர் கேட்பது வகுப்புக்குள் யாரோ இரண்டு பேரை. 23 பேர் என்றால் 253 ஜோடி. ஜோடிக்கு 365இல் ஒரு பங்கு வாய்ப்பு. 253ஐ 365ஆல் வகுத்தால் 69 சதவீதம் வருகிறது. ஆக, டீச்சரின் 50.7 குறைவு என்று நினைக்கிறேன். யாராவது சரிபார்க்கவும்.

இது எனக்குத் தொழிலிலேயே வந்த தொல்லை. கொலுசு வியாபாரி ஒருவருக்கு பில் போடும் நிரல் எழுதிக் கொடுத்தேன். ஒவ்வொரு ஆர்டருக்கும் நான்கு இலக்க எண் ஒன்றை நிரலே தற்செயலாக எடுத்துக்கொள்ளும். பத்தாயிரம் எண் இருக்கிறதே, ஆயிரக்கணக்கில் ஆர்டர் சேரும் வரை கவலையில்லை என்பது அவர் எண்ணம். ஆனால் சுமார் 120 ஆர்டர் சேர்ந்தாலே இரண்டு ஆர்டருக்கு ஒரே எண் விழுவதற்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு. விழவும் செய்தது. எங்கள் வேலையில் இதை 'மோதல்' என்போம். அதையே வைத்துக்கொள்ளலாமே.

அஸ்தம்பட்டி, ஓய்வுபெற்ற புள்ளியியல் பேராசிரியர்

மூவர் சொன்னதையும் படித்தேன். டீச்சரின் விடை சரி. தம்பியின் வழி சரி, கடைசிப் படி மட்டும் தவறு. தலைமையாசிரியர் போட்டது வேறொரு கேள்விக்கான கணக்கு. அந்தக் கேள்விக்கு அவர் விடை ஏறக்குறைய சரிதான்.

முதலில் டீச்சரின் கணக்கு. 'யாருக்கும் யாரோடும் ஒத்துப்போகவில்லை' என்பதன் நிகழ்தகவை எடுத்து ஒன்றிலிருந்து கழிப்பது எளிது. பிள்ளைகளை ஒவ்வொருவராக வகுப்புக்குள் விடுங்கள். முதல் பிள்ளைக்கு எந்த நாளும் சரி. இரண்டாவது பிள்ளை அந்த ஒரு நாளைத் தவிர்க்க வேண்டும், 364/365. மூன்றாவது பிள்ளை இரண்டு நாளைத் தவிர்க்க வேண்டும், 363/365. இப்படியே போனால் 23ஆம் பிள்ளைக்கு 343/365. இந்தப் பின்னங்கள் எல்லாமே ஒன்றுக்கு அருகில்தான் இருக்கின்றன. நம் ஊகம் ஏமாறுவது இங்கேதான். கடைசிப் பின்னம்கூட 94 சதவீதம் இருக்கிறதே என்று நினைக்கிறோம். ஆனால் அவற்றையெல்லாம் பெருக்கிக்கொண்டே போகிறோம். பத்துப் பேர் வந்தபின் 88.3 சதவீதம் மிஞ்சும். 20 பேரில் 58.9. 23ஆம் பிள்ளை உள்ளே வந்ததும் 49.3. மீதி 50.7, டீச்சர் சொன்னதுதான்.

தம்பி, உங்கள் 253 ஜோடி சரி. ஆனால் வாய்ப்புகளை அப்படியே கூட்ட வேண்டுமென்றால் அவை ஒன்றையொன்று விலக்கும் நிகழ்ச்சிகளாக இருக்க வேண்டும். இங்கே ஒரே வகுப்பில் இரண்டு ஜோடி அமையலாம். மூன்று பேர் ஒரே நாளில் பிறந்திருந்தால் அதுவே மூன்று ஜோடி. 23 பேர் கொண்ட ஆயிரம் வகுப்புகளை எடுத்துக்கொள்ளுங்கள். அவற்றில் மொத்தம் ஏறக்குறைய 693 ஜோடி கிடைக்கும். ஆனால் அவை 507 வகுப்புகளுக்குள்தான் அடங்கியிருக்கும், மற்ற வகுப்புகளில் ஒன்றும் இராது. உங்கள் 69 சதவீதம் ஒரு வகுப்பில் சராசரியாக எத்தனை ஜோடி என்பதைச் சொல்கிறது. ஒன்றாவது இருக்குமா என்பதற்கு அது விடையல்ல. 40 பேர் வகுப்புக்கு உங்கள் வழியில் 780ஐ 365ஆல் வகுத்தால் இரண்டுக்கு மேல் வரும். நிகழ்தகவு ஒன்றைத் தாண்டாது என்பதாலேயே பிழை தெரிந்துவிடும்.

தலைமையாசிரியர் ஐயாவுக்கு: 40 பிள்ளைகளில் ஒருவராவது உங்கள் நாளில் பிறந்திருக்க வாய்ப்பு 10.4 சதவீதம். அது பாதியைத் தொட வேண்டுமானால் வகுப்பில் 253 பிள்ளைகள் வேண்டும். அதே 253தான், பாருங்கள். பாதியைத் தொடுவதற்கு ஏறக்குறைய 253 ஒப்பீடு தேவை. நீங்கள் ஒருவர் மட்டும் மற்றவர்களோடு ஒப்பிட்டுப் பார்த்தால் அதற்கு 253 பேர் வேண்டும். எல்லோரும் எல்லோரோடும் ஒப்பிட்டால் 23 பேர் போதும். கேள்வியைக் கேட்டதும் மனம் 'எனக்கு ஒத்த ஒருவர்' என்ற கேள்விக்குத் தாவிவிடுகிறது. வியப்பு முழுவதும் அந்தத் தாவலில்தான் இருக்கிறது.

ஆகவே பெயரில் பிறந்தநாளை விட 'யாரோ இருவர்' என்பதே தெரிய வேண்டும். 'எவரிருவர்' என்று வைத்தால் என்ன? டீச்சரின் கேள்வி 'எவரிருவர் கணக்கு'. ஐயாவின் கேள்வி 'என்னோடொருவர் கணக்கு'. இரண்டையும் கரும்பலகையில் பக்கத்தில் பக்கத்தில் எழுதினால் வித்தியாசம் தானே தெரியும்.

ஏற்காடு, கணித ஆசிரியை

ஐயா, 'என்னோடொருவர்' மனதில் ஒட்டிக்கொண்டது. தனியாக ஒரு பெயரை மட்டும் தேடிக்கொண்டிருந்தேன், ஜோடியாக வைக்கத் தோன்றவில்லை. நான் குறித்து வைத்திருந்தது 'இணைப்பெருக்கம்'. ஆட்கள் கூடும்போது ஜோடிகள் அதைவிட வேகமாகக் கூடுகின்றன என்பதைக் காட்டத்தான். ஆள் இரட்டிப்பானால் ஜோடி ஏறக்குறைய நான்கு மடங்காகிறது, 20 பேருக்கு 190, 40 பேருக்கு 780. ஆனால் பெருக்கம் என்றதும் பிள்ளைகள் பெருக்கல் என்று எடுத்துக்கொள்வார்கள். அதைக் கைவிடுகிறேன்.

வாழப்பாடி, ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்

பேராசிரியர் ஐயா சொன்னது புரிந்தது. 'அரிய ஒற்றுமை' வேண்டாம். ஆனால் ஒரு விஷயம். 365 நாளும் சமம் என்று எடுத்துக்கொண்டல்லவா கணக்குப் போடுகிறீர்கள்? சேர்க்கைப் பதிவேடு அப்படி இருக்காது. முன்பெல்லாம் பிறப்புச் சான்றிதழ் கையில் இல்லாமல்தான் பலர் பிள்ளையை அழைத்து வருவார்கள். தலைக்கு மேலே கையை வளைத்து மறுபக்கக் காதைத் தொடச் சொல்லிப் பார்த்துவிட்டு, வயது கணக்காக வருகிற மாதிரி மே, ஜூனில் ஒரு தேதியை ஆசிரியரே எழுதிவிடுவார். மலைக் கிராமத்துப் பிள்ளைகளுக்கும் எஸ்டேட் பிள்ளைகளுக்கும் இது நிறைய நடந்தது. பழைய பதிவேட்டை வைத்து யாராவது சோதித்தால் உங்கள் 89 பொய்க்குமே?

அஸ்தம்பட்டி, ஓய்வுபெற்ற புள்ளியியல் பேராசிரியர்

ஐயா, இது மிக முக்கியமான கேள்வி. பொய்க்கும், ஆனால் மேல்பக்கமாக. எல்லா நாளும் சமம் என்று கொள்ளும்போதுதான் ஒத்துப்போகும் வாய்ப்பு மிகக் குறைவாக இருக்கும். பிறப்புகள் எந்த நாட்களில் குவிந்தாலும் வாய்ப்பு கூடுமே தவிரக் குறையாது.

நீங்கள் சொன்னதையே கணக்காக்குவோம். வகுப்பில் ஆறு பிள்ளைகளுக்கு மட்டும் மே மாதத்தில் ஏதோ ஒரு தேதி எழுதப்பட்டது என்று கொள்வோம். 365 நாட்களில் ஆறு பேர் பரவியிருந்தால் அவர்களுக்குள் ஒரு ஜோடி அமைய வாய்ப்பு 4 சதவீதம். 31 நாட்களுக்குள் அடைபட்டால் அதுவே 40 சதவீதம். மற்ற பிள்ளைகளைத் தொடாமலேயே இவ்வளவு. எல்லாருக்கும் ஜூன் 1 என்றே எழுதியிருந்தால் கணக்கே தேவையில்லை.

எனவே டீச்சர், பழைய பதிவேட்டைக் கொண்டு சோதித்தால் உண்மைப் பிறந்தநாளைப் பற்றி எதுவும் தெரியாது, எழுதியவரின் பழக்கம்தான் தெரியும். முதலில் மாதவாரியாக எண்ணிப் பாருங்கள். ஒரு மாதம் மட்டும் மற்ற மாதங்களைப் போல இரண்டு மூன்று மடங்கு இருந்தால் அந்தப் பட்டியலை ஒதுக்கிவிடுங்கள். வகுப்பில் இரட்டையர் இருந்தால் ஒருவரை மட்டும் எண்ணுங்கள், அவர்கள் பிறந்தநாள் தற்செயலாக ஒத்துப்போனதல்ல. பிப்ரவரி 29 பற்றிக் கவலைப்பட வேண்டாம், அதைச் சேர்த்தாலும் 23 பேரிலேயே பாதி தாண்டும்.

செவ்வாய்ப்பேட்டை, மென்பொருள் எழுதுபவர்

கூட்டியது தவறு என்று ஒப்புக்கொள்கிறேன் ஐயா. ஆனால் 'எவரிருவர்' என்பதில் எனக்கு ஒரு சிக்கல். என் ஆர்டர் எண்கள் ஆட்கள் இல்லை. 'எவர்' என்று அவற்றைச் சொல்ல முடியாது. 'எவையிரண்டு' என்று இன்னொரு சொல் வைத்தால் ஒரே விஷயத்துக்கு இரண்டு பெயர் ஆகிவிடும். 'மோதல்' இரண்டுக்கும் பொருந்துகிறதே?

அஸ்தம்பட்டி, ஓய்வுபெற்ற புள்ளியியல் பேராசிரியர்

தம்பி, மோதல் நடந்த நிகழ்ச்சியின் பெயர். அது ஏன் எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரம் நடக்கிறது என்பதற்குத்தான் டீச்சர் சொல் கேட்கிறார். இரண்டும் ஒன்றல்ல. ஆனால் உயர்திணை, அஃறிணைச் சிக்கலுக்கு என்னிடம் இப்போது விடை இல்லை. 'ஏதேனுமிணை' என்று இரண்டுக்கும் பொதுவாக வைக்கலாம். வாயில் எளிதாக வரவில்லை என்பதும் தெரிகிறது.

ஏற்காடு, கணித ஆசிரியை

வகுப்புக்கு 'எவரிருவர்', 'என்னோடொருவர்' இரண்டையும் எடுத்துக்கொள்கிறேன். முதலில் ஒவ்வொரு பிள்ளையையும் தன் நாளைச் சொல்லித் துணை தேடச் சொல்வேன். பெரும்பாலான பிள்ளைகளுக்குக் கிடைக்காது. அதன்பின் தேதிகளைக் கரும்பலகையில் மாதவாரியாக எழுதச் சொல்வேன். 40 பேர் வகுப்பில் ஒரு ஜோடியும் இல்லாமல் போக 11 சதவீதம் வாய்ப்பு உண்டு என்பதால் ஒரு வகுப்போடு நிறுத்த முடியாது. சேலத்தில் வெவ்வேறு பள்ளிகளில் இருக்கும் தோழிகளிடம் பெயர் இல்லாமல் தேதி மட்டும் கேட்டிருக்கிறேன். பத்து வகுப்பு கிடைத்தால் ஒன்றில் ஜோடி இல்லாமலிருப்பது இயல்பு, நான்கைந்தில் இல்லாவிட்டால் பட்டியலைச் சந்தேகப்பட வேண்டும்.

பொருட்களுக்கான சொல்லைத் தம்பியும் தலைமையாசிரியர் ஐயாவும் சேர்ந்து யோசிக்கட்டும். 'ஏதேனுமிணை' எனக்கும் நாக்கில் தடுக்குகிறது.