டிரான்ஸ்லேஷன் எக்ஸ்போஷருக்கு தமிழ்ல என்ன சொல்லலாம்?

மதுரையிலிருந்து

எல்லாருக்கும் வணக்கம். எம்.காம் பசங்களுக்கான ஒரு பாடப்புத்தகத்தை தமிழாக்கிட்டு இருக்கேன், டிரான்ஸ்லேஷன் எக்ஸ்போஷர்ங்கிற இடத்துல மூணு நாளா நிக்கிறேன். எனக்கு முன்னாடி யாரோ செஞ்ச வரைவுல "மொழிபெயர்ப்பு வெளிப்பாடு"ன்னு இருக்கு, அதைப் படிக்கிற பையன் இது இலக்கியப் பாடம்னுதான் நினைப்பான். விஷயம் என்னன்னா இந்தியாவுல தாய் நிறுவனம், கொழும்புல துணை நிறுவனம், அது கணக்கு எழுதுறது இலங்கை ரூபாய்ல, வருஷக் கடைசியில ரெண்டையும் ஒண்ணா சேர்க்கும்போது அங்க உள்ளதை எல்லாம் நம்ம ரூபாய்க்கு கொண்டு வரணும், நடுவுல ரேட் மாறியிருந்தா ஒரு வித்தியாசம் நிக்கும். அந்த வித்தியாசம் எந்தத் தொகை மேல விழுதோ அதுக்குத்தான் பேர் தேடுறேன். நான் யோசிச்சது "நாணய மாற்று இடர்", ஆனா மனசு ஒப்பல.

திருப்பூரிலிருந்து

அண்ணா, இது எங்க ஊர்ல தினம் நடக்கிறதுதானே. பனியன் அனுப்பிட்டு பில் போட்டா பார்ட்டி 90 நாள் கழிச்சு டாலர் அனுப்புவாங்க, அதுக்குள்ள டாலர் 1 ரூபா இறங்குனா எங்க லாபத்துல பாதி போயிடும், அதனாலதான் பின்னாடி வர்ற டாலருக்கு இப்பவே ரேட் பேசி பேங்க்ல ஃபார்வர்டு போட்டு வைக்கிறோம். நாங்க இதை "ரேட் அடி"ன்னு சொல்லுவோம். "நாணய மாற்று இடர்"னு போட்டீங்கன்னா எல்லாருக்கும் புரியும், அப்புறம் என்ன யோசனை?

திருச்சியிலிருந்து, கல்லூரி ஆசிரியர்

நானும் அதைத்தான் சொல்றேன், "நாணய மாற்று இடர்" ஏற்கனவே புழக்கத்துல இருக்கு, புதுசா எதுக்கு. துணை நிறுவனத்தோட மொத்த சொத்தும் ரேட் மாறுனா மதிப்பு மாறுது, அந்த நஷ்டம் லாப நட்டக் கணக்குல வந்து உக்காருது. இடர்னா இடர்தான்.

சென்னையிலிருந்து, ஆடிட்டர்

திருப்பூர் தம்பி சொல்றது வேற சங்கதி. உங்களுக்கு டாலர் நிஜமாவே கைக்கு வருது, வர்ற அன்னிக்கு ரேட் குறைஞ்சிருந்தா பணம் நிஜமாவே குறையுது, அது டிரான்ஸாக்ஷன் எக்ஸ்போஷர். மதுரை ஐயா கேக்குறதுல எந்தப் பணமும் எந்த எல்லையும் தாண்டல. கொழும்புல இருக்கிற குடோன் அங்கயேதான் இருக்கு, யாரும் விக்கல, யாரும் எதையும் மாத்தல, கணக்கை மட்டும் வேற நாணயத்துல எழுதிப் பாக்குறோம். அதனால "மாற்று"ங்கிற சொல்லே இங்க பொருந்தாது, பேங்க் கவுன்ட்டர்ல நோட்டை மாத்துறதுதான் ஞாபகம் வரும்.

திருச்சி ஐயா, நீங்க சொன்னதுல மதிப்பு மாறுதுங்கிறது சரி, மத்த ரெண்டுல கொஞ்சம் திருத்தம் இருக்கு. ஒரு கணக்கு போட்டுக் காட்டிடறேன், சுலபமா இருக்கட்டும்னு எண்ணை எல்லாம் உருட்டி வெச்சிருக்கேன்.

2022 மார்ச்ல இலங்கை மத்திய வங்கி ரூபாயை மிதக்க விட்டுச்சு, 203 கிட்ட இருந்த டாலர் மாசக் கடைசியில 300-ஐ நெருங்கிடுச்சு. அதுக்கு முந்தின வருஷம் மார்ச் 31 அன்னிக்கு 1 இலங்கை ரூபாய் நம்மகிட்ட சுமார் 37 பைசா, 2022 மார்ச் 31 அன்னிக்கு சுமார் 26 பைசா. வருஷத்துல பதினோரு மாசம் ஒண்ணுமே நடக்கல, கடைசி மூணு வாரத்துல எல்லாம் நடந்துச்சு, அதனால சராசரி ரேட்டை 36 பைசான்னு வெச்சுக்கறேன்.

துணை நிறுவனத்துல வருஷ ஆரம்பத்துல நிகர சொத்து 100 கோடி இலங்கை ரூபாய், அந்த வருஷ லாபம் 10 கோடி, முடிவுல 110 கோடி. ஆரம்ப 100-ஐ பழைய ரேட்ல போட்டா நம்ம ரூபாய்ல 37 கோடி, லாபம் 10-ஐ சராசரி ரேட்ல போட்டா 3.6 கோடி, கூட்டுனா 40.6. ஆனா முடிவுல இருக்கிற 110-ஐ முடிவு ரேட்ல போட்டா 28.6 தான் வருது. இடைவெளி 12 கோடி. அங்க லாபத்துல ஓடுன கம்பெனி, இங்க சேர்க்கும்போது 12 கோடி காணோம். இண்ட் ஏஎஸ் 21ங்கிற நம்ம கணக்கு விதிப்படி இது லாப நட்டக் கணக்குக்கு போகாது, ஓசிஐ, அதாவது லாப நட்டத்துல சேராம தனியா காட்டுற வருமானம், அது வழியா இந்த வித்தியாசத்துக்குன்னே இருக்கிற எஃப்சிடிஆர்ங்கிற காப்பு நிதியில போய் உக்காந்துக்கும், அந்தத் துணை நிறுவனத்தை விக்கிற அன்னிக்குத்தான் அங்கிருந்து எழுந்து லாப நட்டத்துக்கு வரும்.

இன்னொண்ணு, அடிபட்டது மொத்த சொத்து இல்ல. முடிவுல மொத்த சொத்து 300 கோடி, கடன் 190 கோடின்னு வெச்சுக்கங்க. ரூபாய் விழுந்தா சொத்தும் சுருங்குது, அங்கயே இலங்கை ரூபாய்ல வாங்குன கடனும் சுருங்குது. மிச்சம் 110 மேலதான் அடி.

கொழும்பிலிருந்து

நான் அப்பிடியொரு துணைக் கம்பனியில கணக்காளரா இருந்தனான், அந்த வருசம் நல்லா ஞாபகம் இருக்கு. எல்லாம் கழிச்சும் எங்கட கணக்கில நட்டம் இல்லை, 100 மில்லியன் லாபம் எண்டு கணக்கு அனுப்பினா இந்தியாவில இருந்து கேள்வி வருது, ஏன் உங்கட நிகரச் சொத்து குறைஞ்சது எண்டு. குறையேல்லை ஐயா, நீங்கள் பார்க்கிற கண்ணாடிதான் மாறினது எண்டு எழுதினனான். அதால "இடர்", "நட்டம்" எண்ட சொல் எதுவும் இதில வரக்கூடாது எண்டுறது என்ர கருத்து. "தோற்ற நட்டம்" எண்டாலும் எனக்குச் சம்மதமில்லை.

சென்னையிலிருந்து, ஆடிட்டர்

தோற்றம்னு நானும் சொல்ல மாட்டேன், ஆனா காரணம் வேற. பேங்க் லோன் ஒப்பந்தத்துல ஒருங்கிணைந்த நிகர மதிப்பு இவ்வளவுக்கு கீழ போகக்கூடாதுன்னு ஷரத்து இருந்தா, அந்த 12 கோடி ஷரத்தை உடைச்சிடும். பணம் போகலன்னாலும் பேங்க் மேனேஜர் போன் நிஜமாவே வரும்.

இடர் வேண்டாம்னு சொல்றதுக்கு என்கிட்ட வேற ஒரு காரணம் இருக்கு. எக்ஸ்போஷர்ங்கிறது தொகை. இடர்ங்கிறது அந்தத் தொகைக்கு என்ன ஆகுமோங்கிற நிச்சயமின்மை. 110 கோடி எக்ஸ்போஷர்னு சொல்லலாம், 110 கோடி இடர்னு சொன்னா அவ்வளவும் போயிடும்னு ஆயிடுது.

அதைவிடப் பெரிசு, இந்தத் தொகையைப் பிறப்பிக்கிறதே கணக்கு விதிதான். அமெரிக்காவுல 1975-ல எஃப்ஏஎஸ் 8ன்னு ஒரு கணக்கு விதி வந்துச்சு, அதுல குடோன், மெஷின், வாங்குன விலையில நிக்கிற சரக்கு இதெல்லாம் வாங்குன அன்னிக்கு இருந்த ரேட்லயே நிக்கும், பணமா இருக்கிறதும் பணமா தர வேண்டியதும் மட்டும்தான் முடிவு ரேட்டுக்கு வரும். நம்ம 300 கோடி சொத்துல 200 குடோன், மெஷின், சரக்கு, மிச்சம் 100 ரொக்கமும் வர வேண்டிய பாக்கியும்னு வெச்சுக்கங்க, கடன் 190. அந்த விதிப்படி ரேட் தொடுறது 100-ல 190 போக மைனஸ் 90. அப்போ இலங்கை ரூபாய் விழுந்தா நஷ்டம் இல்ல, லாபம்! அதே கம்பெனி, அதே வருஷம், அதே குடோன், விதியை மாத்துனா பிளஸ் மைனஸ் குறியே தலைகீழா போகுது. அந்த வித்தியாசம் ஒவ்வொரு காலாண்டும் லாப நட்டத்துலயே வந்து விழுந்ததால கம்பெனிகள் கத்துனாங்க, 1981-ல எஃப்ஏஎஸ் 52 வந்து அதைப் பங்குதாரர் மூலதனத்துக்கு தள்ளி வெச்சுது. நம்ம விதியிலயும் துணை நிறுவனத்தோட செயல்பாட்டு நாணயம், அதாவது அது முக்கியமா தொழில் பண்ற நாணயம், இந்திய ரூபாய்தான்னு முடிவு பண்ணிட்டா கிட்டத்தட்ட அந்தப் பழைய விடைதான் வரும். அதனால சொல்லுல "கணக்கு" இருந்தே ஆகணும்னு நினைக்கிறேன்.

மதுரையிலிருந்து

இந்த மைனஸ் 90 விஷயம் புத்தகத்துலயே இல்லையே, அடிக்குறிப்பா சேர்த்துக்கறேன் ஐயா. அப்போ டிரான்ஸ்லேஷனுக்கு "பெயர்த்தெழுதல்"னு போடலாமான்னு பாத்தேன், ஆனா குறிப்பேட்டுல இருந்து பேரேட்டுக்கு கொண்டு போறதை பசங்க "எடுத்தெழுதுதல்"னு பதினொண்ணாவதுலயே படிச்சிருக்காங்க, ரெண்டும் குழம்பும். அதனால "கணக்குப்பெயர்ப்பு". எக்ஸ்போஷருக்கு, ரேட் மாற்றத்துக்கு உட்படுற தொகை, அதாவது "உட்படுதொகை". முதல்ல "படுதொகை"ன்னு எழுதிப் பாத்தேன், வெயில் படுற இடம்னு சொல்றோமே அந்த அர்த்தத்துல, ஆனா படுகொலை, படுநஷ்டம்னு காதுல விழுது, விட்டுட்டேன். சேர்த்தா "கணக்குப்பெயர்ப்பு உட்படுதொகை". திருப்பூர் தம்பியோடது "கொடுக்கல்வாங்கல் உட்படுதொகை".

திருச்சியிலிருந்து, கல்லூரி ஆசிரியர்

நிகர சொத்துன்னு ஆடிட்டர் சொன்னதை ஒத்துக்கறேன், வகுப்புல நான் இவ்வளவு நாளா மொத்த சொத்துன்னே சொல்லிட்டு இருந்தேன். ஆனா சொல் ரொம்ப நீளம். பரீட்சை பேப்பர்ல பசங்க பத்து தடவை எழுதணுமே. "பெயர்ப்புத்தொகை"ன்னு சுருக்கிடலாமே.

மதுரையிலிருந்து

பெயர்ப்புத்தொகைன்னா பெயர்த்து எழுதி முடிச்சு வந்த விடைன்னு, அந்த 28.6 கோடின்னு ஆயிடும் ஐயா. நமக்கு வேண்டியது அடிபடக்கூடிய 110.

கொழும்பிலிருந்து

"உட்படுதொகை" எனக்கு நல்லாப் பிடிச்சிருக்கு. "பெயர்ப்பு" மட்டும் நெஞ்சுக்குள்ள இறங்குதில்லை. எங்கட ஆக்களுக்கு பெயர்வு எண்டா முதல்ல வாறது இடம்பெயர்வுதான், அதைக் கணக்குப் புத்தகத்தில ஒவ்வொரு பக்கத்திலயும் வாசிக்க ஒரு மாதிரி இருக்கும். "மீளுரைப்பு" எண்டு போட்டால் என்ன?

சென்னையிலிருந்து, ஆடிட்டர்

நீங்க சொல்ற உணர்வு புரியுதுங்க, நான் அதை யோசிக்கவே இல்ல. ஆனா மீளுரைப்புங்கிறதை பழைய வருஷக் கணக்குல தப்பு கண்டுபிடிச்சு திருத்தி எழுதுறதுக்கு வெச்சுக்கணும், பணவீக்கம் எகிறுன நாட்டுக் கணக்கை விலைக் குறியீட்டால திருப்பி எழுதுறதுக்கும் அதுதான் வேணும். அர்ஜென்டினாவுல துணை நிறுவனம் வெச்சிருக்கிறவங்க 2018-ல இருந்து ரெண்டையும் ஒரே வருஷத்துல செய்றாங்க, முதல்ல குறியீட்டால திருப்பி எழுதி அப்புறம் முடிவு ரேட்ல கொண்டு வர்றாங்க. ரெண்டுக்கும் ஒரே சொல்னா அந்தப் பக்கத்தை எழுதவே முடியாது.

கொழும்பிலிருந்து

அது நியாயம். வேற சொல் கிடைக்குமட்டும் என்ர எதிர்ப்பைக் குறிச்சு வையுங்கோ. இன்னொரு கேள்வியும் இருக்கு. எங்களுக்குத் தாய்க் கம்பனி 20 கோடி இந்திய ரூபா கடன் தந்தது. எங்கட ஒரு ரூபா உங்கட 37 பைசாவா இருக்கேக்க அது எங்கட புத்தகத்தில 540 மில்லியன், 26 ஆனாப் பிறகு கிட்டத்தட்ட 770 மில்லியன். அந்த 230 மில்லியனும் எங்கட லாப நட்டத்தில நட்டமா விழுந்தது. சேர்க்கும்போது கடன் ரெண்டு பக்கமும் வெட்டுப்பட்டுப் போச்சு, நட்டம் மட்டும் வெட்டுப்படாமல் நிண்டது. இது எந்த உட்படுதொகை?

சென்னையிலிருந்து, ஆடிட்டர்

திருப்பித் தர வேண்டிய கடன்னா கொடுக்கல்வாங்கல் பக்கம், நட்டம் சேர்த்த கணக்குலயும் லாப நட்டத்துலயே நிக்கும். ஆனா திருப்பிக் கேக்குற திட்டமே தாய் நிறுவனத்துக்கு இல்லைன்னா, அதை முதலீட்டோட ஒரு பகுதின்னு எடுத்துக்கிட்டு சேர்த்த கணக்குல ஓசிஐக்கு நகர்த்துவாங்க, அதாவது பெயர்ப்பு பக்கம் வந்துடும். ஒரே கடன், நோக்கத்தைப் பொறுத்து ரெண்டு பேர்.

மதுரையிலிருந்து

அப்படின்னா நான் போட்ட ரெண்டு பெட்டியும் அவ்வளவு சுத்தமா பிரியலயே. "உட்படுதொகை"யை இப்பவே வரைவுல ஏத்திடறேன், "கணக்குப்பெயர்ப்பு" மேல ஒரு கேள்விக்குறி போட்டு வெச்சிருக்கேன். இந்தக் கடனை எந்த அத்தியாயத்துல வைக்கிறதுன்னு ஆடிட்டர் ஐயா சொன்னா நல்லாருக்கும், நாளைக்கு அந்தப் பக்கத்துக்குத்தான் வர்றேன்.