சுங்க வரிக்கு எந்த நாளின் டாலர் விகிதம்? ஒரே சரக்குக்கு நான்கு விகிதம் வந்திருக்கிறது

விளக்குக்கடை_சுங்கைசிப்புட்:
வணக்கம். தோட்டத்து மக்களை நம்பி நடக்கும் பூஜைப் பொருள் கடை எங்களுடையது. தீபாவளிக்காக நாச்சியார்கோவிலிலிருந்து குத்துவிளக்கு தருவித்தோம். சென்னையில் கப்பலேறி கிள்ளான் துறைமுகம் வந்து, இப்போது கடையில் இருக்கிறது.

இன்வாய்ஸ் 8,400 டாலர். கப்பல் கூலி 620, காப்புறுதி 30; மொத்தம் 9,050 டாலர். மூலச் சான்றிதழ் இருந்ததால் இறக்குமதி வரி இல்லை. விற்பனை வரி 10 விழுக்காடு மட்டும்.

வங்கி எனக்கு டாலரை 4.3050க்கு விற்றது. சரக்கு முகவர் முதலில் அனுப்பிய, சுங்கத்துக்கான இறக்குமதி அறிவிப்புப் படிவமான கே1-இன் நகலில் 4.2350 என்று இருந்தது. இறுதி கே1-இல் 4.2510. அவருடைய பில்லிலோ கப்பல் கூலியை 4.3600 வைத்து ரிங்கிட்டாக்கியிருக்கிறார். இதில் எது சரி? முகவர் இடையில் ஏதாவது எடுத்துக்கொள்கிறாரா? எனக்குத் தெரிந்தாக வேண்டும். அடுத்த சரக்கும் அவர் வழியாகத்தான் வரப்போகிறது.

ராஜன்_பினாங்கு:
கப்பலேறிய நாளின் விகிதத்தைத்தான் போட வேண்டும். கப்பல் நிறுவனம் தரும் சரக்கு ரசீதான பில் ஆஃப் லேடிங்கில் உள்ள தேதியைப் பாருங்கள். என் மைத்துனர் அமெரிக்காவில் இறக்குமதி செய்கிறார், அங்கே அப்படித்தான். உங்கள் முகவர் செய்தது தவறு.

தேவி_தையல்:
எனக்கும் இதே தொல்லை. இணையத்தில் 300 ரிங்கிட்டுக்குச் சேலை வாங்கினேன். கடன் அட்டையில் வேறு கணக்கு வந்தது. சுங்கத்துறையிடம் புகார் செய்யலாமா?

கிள்ளான்_சுங்க முகவர்:
தேவி அக்கா, உங்களுடையது வேறு விஷயம். 500 ரிங்கிட்டுக்கு மேற்போகாத இணையப் பொருளுக்கு, 2024 முதல் பதிவுபெற்ற விற்பனையாளரே 10 விழுக்காடு வரியை விலையோடு வாங்கிக்கொள்கிறார். அட்டையில் வந்த வேறுபாட்டை வங்கியிடம் கேளுங்கள்.

ராஜன் ஐயா, அமெரிக்காவைப் பற்றிச் சொன்னது சரி. உலக வர்த்தக அமைப்பின் சுங்க மதிப்பீட்டு உடன்பாட்டில் 9ஆம் விதி, ஏற்றுமதி நேரத்து விகிதமா இறக்குமதி நேரத்து விகிதமா என்பதை அந்தந்த நாட்டுக்கே விட்டுவிட்டது. அமெரிக்கா ஏற்றுமதி நாளை எடுத்துக்கொண்டது. இந்தியாவில் நுழைவுப் பத்திரம் தாக்கல் செய்யும் நாளில் நடப்பில் உள்ள விகிதம். ஆனால் எந்த நாடாக இருந்தாலும் இறக்குமதி செய்யும் நாட்டின் அதிகாரிகள் முறையாக வெளியிட்ட விகிதமாக இருக்க வேண்டும் என்கிறது அதே விதி. வங்கி உங்களுக்கு விற்ற விகிதத்துக்கு அங்கே இடமில்லை.

நம் நாட்டில் அரச மலேசிய சுங்கத்துறை வாரத்துக்கு ஒரு விகிதம் வெளியிடுகிறது. நான் கையாளும் கே1-களில், படிவம் பதிவாகும் நாள் எந்த வாரத்தில் விழுகிறதோ அந்த வாரத்து விகிதம்தான் ஏறுகிறது. முதல் நகல் வெறும் வரைவு. கப்பல் தாமதமாகி, பதிவு அடுத்த வாரத்துக்குத் தள்ளிப்போயிருக்கும். அதனால்தான் 4.2350 என்பது 4.2510 ஆனது என்று நினைக்கிறேன். நடந்தது அதுதானா?

விளக்குக்கடை_சுங்கைசிப்புட்:
ஆம் ஐயா, கப்பல் ஐந்தாறு நாள் பிந்தியது. வரைவு அதற்கு முன்பே வந்துவிட்டது.

கிள்ளான்_சுங்க முகவர்:
அப்படியானால் கணக்கைப் பாருங்கள். 9,050 டாலரை 4.2350ஆல் பெருக்கினால் 38,326.75 ரிங்கிட். 4.2510ஆல் பெருக்கினால் 38,471.55. மதிப்பில் வேறுபாடு 144.80, வரியில் 14.48. இந்தத் தொகைக்காக யாரும் ஏமாற்ற மாட்டார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. நீங்களே சரிபார்க்க முடியும் என்றுதான் சொல்கிறேன். கே1-இல் பதிவு எண்ணோடு இருக்கும் தேதியைக் குறித்துக்கொண்டு, customs.gov.my தளத்தில் அந்தத் தேதியை உள்ளடக்கிய வாரத்தின் விகிதத்தைத் தேடுங்கள். நான்கு தசம இடமும் ஒத்துப்போக வேண்டும். பிறகு சுங்கத்துறையின் வரி ரசீதைக் கேட்டு வாங்குங்கள். ரசீதில் உள்ள தொகையும் முகவர் உங்களிடம் வரி என்று வாங்கிய தொகையும் ஒன்றாக இருக்க வேண்டும். ரசீதைத் தர மறுத்தால் அப்போது சந்தேகப்படுங்கள்.

4.3600 என்பது கப்பல் நிறுவனம் தன் கூலியை ரிங்கிட்டில் வாங்கும்போது வைக்கும் விகிதம். அது வியாபாரக் கணக்கு, சுங்கத்துக்குச் சம்பந்தமில்லை. அந்த விகிதத்தை முகவர் கூட்டினாரா என்று அறிய, கப்பல் நிறுவனத்தின் அசல் பில்லைக் கேளுங்கள்.

கணக்கர்_பஹாவ்:
வங்கி விகிதத்தை அப்படித் தள்ளிவிடக் கூடாது. வியாபாரி உண்மையில் செலவழித்தது 4.3050. கணக்குப் புத்தகத்திலும் சுங்க விகிதத்தைப் போட முடியாது. வங்கியிலேயே டாலரை முன்கூட்டி ஒரு விகிதத்துக்குப் பூட்டி வைத்திருந்தால் அதுதானே அவருடைய கொள்முதல் விலை?

கிள்ளான்_சுங்க முகவர்:
புத்தகத்தைப் பொறுத்தவரை நீங்கள் சொல்வது சரி, சுங்க மதிப்பைச் சரக்கின் அடக்க விலையாக எழுதக் கூடாது. ஆனால் வங்கியோடு பூட்டிய விகிதம் உங்களுக்கும் வங்கிக்கும் இடையிலானது. விற்றவருக்குப் போனது டாலர்தான். ஆகவே மாற்ற வேண்டியதும் டாலர், மாற்றும் விகிதமும் சுங்கத்துறையினுடையது.

விற்பவரோடு செய்த ஒப்பந்தத்திலேயே விகிதத்தைக் கட்டி, பணத்தையும் ரிங்கிட்டில் கொடுத்தால் கதை மாறுகிறது. உலக சுங்க அமைப்பின் தொழில்நுட்பக் குழு தன் 20.1 ஆலோசனைக் கருத்தில் இதைத் தெளிவாக்கியிருக்கிறது: விலை இறக்குமதி நாட்டின் பணத்திலேயே தீர்க்கப்படும்போது நாணய மாற்றமே தேவையில்லை. இன்வாய்ஸ் டாலரில் இருந்தாலும், ஒப்பந்த விகிதப்படி வரும் ரிங்கிட் தொகையே விலை.

முருகையா_தெலுக்இந்தான்:
இது என் கதை. சென்னை வியாபாரி 1 டாலர் 4.20 என்று எழுதிக் கொடுத்து, ரிங்கிட்டைத் தன் இங்குள்ள கணக்கில் வாங்கிக்கொள்கிறார். ஆனால் இன்வாய்ஸை டாலரில் அடிக்கிறார். என் முகவர் அந்த வாரச் சுங்க விகிதத்தைத்தான் போடுகிறார். இத்தனை நாளும் அதிகமாகக் கட்டினேனா?

கிள்ளான்_சுங்க முகவர்:
சுங்க விகிதம் 4.20க்கு மேல் இருந்த வாரங்களில் அதிகம், கீழே இருந்த வாரங்களில் குறைவு. எனவே திருப்பிக் கேட்கப் போகும்போது இரண்டு பக்கத்தையும் கூட்டிப் பாருங்கள் ஐயா. டாலர் என்று எழுதியிருந்தால் முகவர் டாலராகத்தான் பதிவார், அவரைக் குறை சொல்ல முடியாது. அடுத்த சரக்குக்கு இன்வாய்ஸையே ரிங்கிட்டில் வாங்குங்கள். விகிதம் எழுதிய ஒப்பந்தத்தையும் ரிங்கிட் கட்டிய வங்கி ரசீதையும் கே1-ஓடு இணைத்துக் கொடுங்கள். பழைய பதிவுகளுக்கு அதிகாரி ஒப்புக்கொள்வாரா என்பது உங்கள் சுங்க நிலையத்தில் எழுத்தில் கேட்டால்தான் தெரியும்.

விளக்குக்கடை_சுங்கைசிப்புட்:
பதிவுத் தேதியை வைத்துப் பார்த்தேன், 4.2510 சரியாக இருக்கிறது. ரசீதும் வந்துவிட்டது, வரித் தொகையும் ஒத்துப்போகிறது. கப்பல் நிறுவனத்தின் பில்லிலும் 4.3600 தான். முகவர் மீது பட்ட சந்தேகம் தீர்ந்தது, நன்றி ஐயா.

ஆனால் நீங்கள் முருகையா அண்ணனுக்குச் சொன்னதிலிருந்து ஒரு கேள்வி. கப்பல் கூலியை நான் ரிங்கிட்டில்தானே கட்டினேன்? 2,703.20 ரிங்கிட். கே1-இல் 620 டாலர், அதாவது 2,635.62 ரிங்கிட் என்றுதான் ஏறியிருக்கிறது. ரிங்கிட்டில் கட்டியதற்கு மாற்றம் தேவையில்லை என்றால், நான் குறைத்துக் காட்டியதாக ஆகாதா?

கிள்ளான்_சுங்க முகவர்:
நியாயமான கேள்வி. வேறுபாடு 67.58 ரிங்கிட், வரியில் ஏழு ரிங்கிட்டுக்கும் குறைவு. கூலி டாலரில் பேசப்பட்டது, ரிங்கிட் அதை வசூலிக்கும் வழி மட்டுமே என்று டாலரைப் பதிவதுதான் நான் கண்ட வழக்கம். ஆனால் கட்டிய தொகையே கூலி என்று ஓர் அதிகாரி சொன்னால், அதை மறுக்க என்னிடம் உறுதியான பதில் இல்லை. கப்பல் நிறுவனத்தின் பில்லைக் கே1-ஓடு சேர்த்துக் கோப்பில் வையுங்கள். தணிக்கைக்கு வருபவர் அதைத்தான் முதலில் கேட்பார்.

கணக்கர்_பஹாவ்:
என் வாடிக்கையாளர் ஒருவருக்கு ரிங்கிட் தொகையைத்தான் போடச் சொன்னார்கள். ஆகவே நிலையத்துக்கு நிலையம் மாறுகிறது என்று நினைக்கிறேன். வேறு யாருக்காவது எழுத்தில் பதில் வந்திருந்தால் இங்கே போடுங்கள்.