உதவி தேவை: வெர்மீர் யாரிடம் ஓவியம் கற்றார்? கட்டணப் பதிவை எப்படிப் படிப்பது?

செல்வி: கல்லூரிக் கட்டுரைக்காக டச்சு ஓவியர் வெர்மீரைப் பற்றிப் படிக்கிறேன். ஓரிடத்தில் அவர் கேரல் ஃபேப்ரிஷியஸின் மாணவர் என்கிறார்கள். இன்னோரிடத்தில், டெல்ஃப்ட் நகரின் ஓவியர், கைவினைஞர் அமைப்பான புனித லூக்கா சங்கத்தில் சேர 6 கில்டர் கட்டியதால் அவர் வெளியூரில்தான் பயின்றார் என்கிறார்கள். கட்டணத்தை வைத்துப் படித்த ஊரை எப்படிச் சொல்ல முடியும்?

முருகு: சேர்ந்த தேதி 1653 டிசம்பர் 29. அன்று அவர் 1 கில்டர் 10 ஸ்டைவர் மட்டும்தான் கொடுத்தார், மீதியைக் கட்டியது 1656 ஜூலையில். அப்போது பணமுடை இருந்தது தெரிகிறது. ஃபேப்ரிஷியஸும் அதே ஊரில்தான் இருந்தார், அவரிடம்தான் கற்றிருப்பார். வேறு யார்?

அருள்மொழி: முருகு சொன்ன தேதியும் தொகையும் சரி. ஆனால் தவணை வறுமையைத்தான் காட்டும், ஆசிரியரைக் காட்டாது. நமக்கு உதவுவது மொத்தத் தொகை.

டெல்ஃப்டில் வெளியூர்க்காரருக்கு 12 கில்டர், ஊர்க்காரருக்கு 6. தந்தை சங்கத்தில் இருந்து, மகன் அதே சங்கத்து ஆசிரியர் ஒருவரிடம் 2 ஆண்டாவது பயின்றிருந்தால் 3 போதும். வெர்மீரின் தந்தை 1631இலேயே ஓவிய வணிகராகச் சங்கத்தில் சேர்ந்தவர். ஆகவே மகன் 3 கில்டர் கட்டியிருக்க வேண்டும். கட்டியது 6. அப்படியானால் இரண்டாவது நிபந்தனை நிறைவேறவில்லை, அதாவது டெல்ஃப்ட் ஆசிரியரிடம் அவர் 2 ஆண்டு இருக்கவில்லை என்பதே வாதம்.

பயிற்சிக் காலம் 6 ஆண்டு என்பதையும் சேர்த்துப் பாருங்கள். 1653 இறுதியிலிருந்து பின்னோக்கி எண்ணினால் 1647 இறுதி. வெர்மீர் ஞானஸ்நானம் பெற்றது 1632 அக்டோபரில், ஆகவே 1647 இறுதியில் அவருக்கு வயது 15. வயது பொருந்துகிறது. ஆனால் ஃபேப்ரிஷியஸ் டெல்ஃப்ட் சங்கத்தில் சேர்ந்ததே 1652 அக்டோபர் 29ஆம் தேதிதான். அதிலிருந்து வெர்மீர் சேரும் வரை 14 மாதம். 6 ஆண்டுப் பயிற்சி முழுவதையும் அவர் டெல்ஃப்ட் சங்கத்து ஆசிரியராக இருந்து கொடுத்திருக்க வழியில்லை.

முருகு: 1650 வாக்கிலேயே ஃபேப்ரிஷியஸ் டெல்ஃப்டில் குடியிருந்தாரே! சங்கத்தில் சேராமலே சொல்லிக்கொடுத்திருக்கலாம் இல்லையா?

அருள்மொழி: இருக்கலாம். ஆனால் அந்தக் காலத்தைச் சங்கம் கணக்கில் எடுக்காது. கடைசி ஓராண்டு அவர் பக்கத்தில் வெர்மீர் இருந்தார் என்றாலும் 6 கில்டர் கணக்கு கெடாது. உண்மையில் இந்தக் கட்டணம் அதிகம் இடிப்பது லியோனார்ட் பிராமரை. அவர் பழைய டெல்ஃப்ட் உறுப்பினர், வெர்மீரின் திருமணப் பேச்சில் நேரில் சாட்சியாக நின்ற குடும்ப நண்பர். அதனால் அவரையே ஆசிரியராக நினைக்கத் தோன்றும். ஆனால் அவரிடம் 2 ஆண்டு பயின்றிருந்தால் கட்டணம் 3 ஆகியிருக்கும்.

கண்ணன்: என்னிடம் பழைய லண்டன் சட்டைப்பைக் கடிகாரம் ஒன்று இருக்கிறது. அதைச் செய்தவர் 1760களின் பயிற்சிப் பதிவேட்டில் வருகிறார். அந்த ஆண்டில்தான் பயிற்சி தொடங்கினார் என்று எடுத்துக்கொள்ளலாமா?

அருள்மொழி: கண்ணன் சார், முதலில் அது எந்தப் பதிவேடு என்று பாருங்கள். சங்கத்தின் புத்தகம் என்றால் பயிற்சி ஒப்பந்தம் சங்கத்தில் பதிவான நாள் அதில் இருக்கும். அரசின் முத்திரை வரிப் பதிவேடு என்றால் ஆசிரியர் வரி கட்டிய நாள்தான் இருக்கும். பயிற்சி முடிந்து ஓராண்டு வரை அதைக் கட்ட இடம் உண்டு என்பதால் தேதி பல ஆண்டு தள்ளிப் போயிருக்கலாம். பெயர் இல்லாவிட்டால் பயிற்சியே இல்லை என்றும் ஆகாது. பணம் வாங்காமல் சேர்த்துக்கொண்டவர்களுக்கு, உதாரணமாகச் சொந்த மகனுக்கு, வரியே கிடையாது.

செல்வி: நன்றி ஐயா. அப்படியானால் வெளியூர் என்றால் எந்த ஊர்?

அருள்மொழி: உட்ரெக்ட் என்று ஒரு கருத்து, ஆம்ஸ்டர்டாம் என்று இன்னொன்று. உட்ரெக்ட் ஓவியர் ஏப்ரஹாம் புளூமார்ட் வெர்மீரின் மாமியாருக்குத் தூரத்து உறவு என்பதால் அவர் பெயர் அடிபடுகிறது. எந்த ஊர் மாணவர் பதிவிலும் வெர்மீர் பெயர் கிடைக்கவில்லை. டெல்ஃப்டில் எஞ்சியிருப்பது ஆசிரியர்களாகச் சேர்ந்தோரின் புத்தகம். கட்டுரையில் "டெல்ஃப்ட் சங்கத்தில் 2 ஆண்டு பயின்றதாகக் கட்டணம் காட்டவில்லை" என்று எழுதுங்கள். ஊர்ப்பெயர் போட்டால் அது ஊகம் என்று சொல்லிவிடுங்கள்.

முருகு: ஒரு சந்தேகம். வெர்மீரின் தந்தை 1652இலேயே இறந்துவிட்டார். மகனுக்கான சலுகை அதோடு போயிருக்கக்கூடாதா? அப்போது 6 கில்டருக்கும் வெளியூருக்கும் சம்பந்தமே இல்லை.

அருள்மொழி: நல்ல கேள்வி, இதை எளிதில் தள்ள முடியாது. அதே புத்தகத்தில், தந்தை இறந்தபின் சேர்ந்த மற்ற மகன்கள் 3 கட்டினார்களா 6 கட்டினார்களா என்று ஒவ்வொரு பதிவாகப் பார்க்க வேண்டும். ஓவியர்களோடு நிற்காமல், அதே சங்கத்தில் இருந்த கண்ணாடி வேலைக்காரர்கள், பீங்கான் செய்வோர் பதிவுகளையும் எடுத்துக்கொள்ளுங்கள். செல்வி, 1640க்கும் 1660க்கும் இடைப்பட்ட பக்கங்களில் தொடங்கலாம்.