பொருள்: அனிமேட்டிக் பார்த்தவர் சொல்லும் குறைக்கு ஒரு சொல்

கோவையிலிருந்து:

வணக்கமுங்க. அசைவூட்டும் முன் கதை ஓவியங்களை ஒலியோடு வரிசையாக ஓடவிடும் அனிமேட்டிக்கை ஆறு பேருக்குப் போட்டுக் காட்டி, வந்த கருத்தையெல்லாம் 'குறிப்பு' என்றே பதிவுத்தாளில் ஏற்றுகிறோம். ஆனால் இரண்டு வகை அதில் கலந்து கிடக்கிறது. "இந்த மணி யாருதுன்னு தெரியலீங்க" என்பது ஒன்று. "அந்த எடத்துல பாட்டிக்கு ஒரு வசனம் வெச்சிருங்க" என்பது இன்னொன்று. இரண்டுக்கும் ஒரே பெயர் இருப்பதால் புதிதாக வந்தவர்கள் உடனே வசனம் எழுத உட்கார்ந்துவிடுகிறார்கள். முதல் வகைக்கு 'இடறல்' என்று வைக்கலாமா?

திருப்பூரிலிருந்து:

எதுக்குங்க ரெண்டு பேரு? எங்க பனியன் கம்பெனியில சாம்பிளுக்கு பையர் கமென்ட் வந்தா வரி வரியா முடிச்சுட்டுத்தான் அடுத்த சாம்பிள் போகும். 'திருத்தம்'னே வெச்சுக்கலாமே.

ஈரோட்டிலிருந்து:

தம்பி, பையர் அளவு சொல்பவர். அரை அங்குலம் குறை என்றால் குறைத்தாக வேண்டும். படம் பார்க்க வந்தவரிடம் அளவு கேட்பதில்லை. அவருக்கு எங்கே புரியாமல் போனது, எங்கே கவனம் விலகியது என்பதற்கு அவர் சாட்சி, அவ்வளவுதான். அதனால் 'திருத்தம்' சரிப்படாது.

'இடறல்' நல்ல சொல். ஆனால் கல் கிடக்கிற இடத்தில்தான் கால் இடறும். அனிமேட்டிக்கில் பெரும்பாலும் அப்படி நடப்பதில்லை. கோவைக்காரர் சொன்ன மணியையே எடுத்துக்கொள்வோம். சிறுமி புதரில் மணியை எடுப்பது 1:52-இல். ஆறு பேரில் நாலு பேர் அங்கே குழம்பினார்கள். ஒருவர் வசனம் கேட்டார், ஒருவர் குளோசப் கேட்டார், ஒருவர் பிளாஷ்பேக் கேட்டார். மூன்றும் 1:52-க்கான வைத்தியம். கன்றின் கழுத்தில் மணி தெரிவதோ 0:20-இல். பட்டி முழுவதும் தெரிகிற ஷாட்டில் அது 14 பிரேம்தான், வினாடிக்கு 24 பிரேம் கணக்கில் அரை வினாடி சொச்சம். அதே நேரத்தில் பாட்டி பேசுகிறார், எல்லார் கண்ணும் பாட்டி முகத்தில். அந்த ஷாட்டை 36 பிரேம் ஆக்கி, பாட்டி பேச்சை மணி ஒலித்த பிறகு தொடங்கவிட்டால் போதும். 1:52-இல் கை வைக்கவே வேண்டாம்.

வலிக்கிற இடம் ஒன்று, வேர் இன்னொன்று. ஆகவே 'நோவு' என்பேன். பார்த்தவர் சொல்லும் தீர்வு 'கைமருந்து'.

பொள்ளாச்சியிலிருந்து:

பேரு எதுவா இருந்தாலும் சரிங்க, கணக்கு சுலபம். மூணு பேருக்கு மேல சொன்னா செய்யணும், ஒருத்தர் சொன்னா விட்டுறலாம்.

ஈரோட்டிலிருந்து:

பாதி சரிங்க. குழப்பத்துக்கு எண்ணிக்கை உதவும். அதற்கும் ஆள் வாரியாக எண்ணாமல், டைம்கோடு வாரியாக அடுக்கி, சில வினாடிக்குள் விழுவதை ஒன்றாகச் சேர்த்து எண்ண வேண்டும். படத்தை நிறுத்தாமல் ஒரே ஓட்டமாகக் காட்டி, அவரவர் தனித்தனியே எழுதிய பிறகே பேசவிட வேண்டும். முதலில் வாய் திறப்பவர் "இழுவை" என்றுவிட்டால் மீதிப் பேரும் அதையே சொல்வார்கள், எண்ணிக்கை பாழ். பெட்டிப் பெட்டியாகக் கேள்வி வேண்டாம், "நீங்க பார்த்த கதையச் சொல்லுங்க" என்றால் போதும். மணியை விட்டுவிட்டுக் கதை சொன்னால் அங்கேயே தெரிந்துவிடும்.

ஆனால் முந்தின ஷாட்டில் வலது கையில் இருந்த மணி அடுத்ததில் இடது கைக்கு மாறியதை ஒருவர் மட்டும் பார்த்திருந்தாலும் அது பிழைதான். எதிர்ப்பக்கமும் உண்டு. சிறுமி மேடேறும் இடத்தை ஐந்து பேர் இழுவை என்றாலும் உடனே வெட்டக் கூடாது. நான்கு வினாடி ஒரே ஓவியம் அசையாமல் நிற்கிறது, அசைவு வந்தால் அந்த நேரம் சரியாகவே இருக்கலாம். நடுவில் இரண்டு நிலை வரைந்து போட்டுப் பாருங்கள். அப்போதும் இழுவை என்றால் வெட்டுங்கள்.

நாமக்கல்லிலிருந்து:

'கைமருந்து' கொஞ்சம் இளப்பமாகப் படுகிறதுங்க. பார்த்தவர் முன்னால் அந்தத் தாளை வைக்க முடியாது. 'யோசனை' என்று விட்டுவிடலாம். 'நோவு' சரி.

கோவையிலிருந்து:

'நோவு' எடுத்துக்கொள்கிறேன். பதிவுத்தாளில் டைம்கோடு, நோவு, எத்தனை பேர், வேர் எங்கே என்று நான்கு பத்தி. யோசனையைக் கடைசியில் சின்ன எழுத்தில் வைக்கிறேன். அந்த யோசனை எந்த நோவைச் சொல்கிறது என்று கண்டுபிடிக்க அதுவும் வேண்டியிருக்கிறது.

ஒரு சந்தேகம். மணி ஷாட்டை நீட்டிய பிறகு அதே ஆறு பேருக்குக் காட்டலாமா?

ஈரோட்டிலிருந்து:

கூடாதுங்க. மணி யாருதென்று அவர்களுக்கு இப்போது தெரியும், நோவு போய்விட்டது என்றுதான் சொல்வார்கள். கதை தெரியாத வேறு ஐந்தாறு பேர் வேண்டும். அதனால் முதல் காட்சிக்கே எல்லாரையும் கூப்பிட்டுத் தீர்த்துவிடாதீர்கள்.

திருப்பூரிலிருந்து:

இப்பப் புரிஞ்சுதுங்க. அனிமேட்டிக்குக்கே தமிழ்ல என்னங்க? 'ஓட்டவரைவு'ன்னா ஆகுமா?

நாமக்கல்லிலிருந்து:

வரைவு என்றால் எழுத்துப் படியைத்தான் நினைப்பார்கள். எனக்கு ஒப்பவில்லை. வேறு சொல் இருந்தால் அனுப்புங்கள்.